கடைசியாகக் குடித்தது எப்போது?

எங்கள் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவியருக்கு ஒரு பக்கப் பாடத்தாள் ஒன்றைக் கொடுக்கிறோம். நாள்தோறும் மது அருந்தி வந்த ஒருவர் திடீரென நிறுத்தினால் உடலிலும் மனத்திலும் எந்த நேரத்தில் என்ன நிகழும் என்பதை அது மணிக்கணக்கில் காட்டுகிறது. முதல் 6 மணி முதல் 24 மணி வரை கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. 12 மணிக்குப் பிறகு சிலருக்கு இல்லாத உருவங்களும் குரல்களும். 48 மணிக்குள் சிலருக்கு வலிப்பு. 48 மணி முதல் 96 மணிக்குள், எல்லாவற்றிலும் கடுமையான நடுக்கச் சன்னி. மருத்துவர்கள் இதனை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பர்.

மாணவியர் இதனை எளிதில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால் இந்த அட்டவணையின் மணிகள் யாவும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து எண்ணப்படுபவை. நோயாளி கடைசியாகக் குடித்த நேரமே அந்தப் புள்ளி. அது பாடத்தாளில் இல்லை. இரத்தப் பரிசோதனையும் அதனைத் துல்லியமாகச் சொல்லாது. நோயாளிக்கும் அவருடன் வாழ்பவருக்கும் மட்டுமே அது தெரியும். ஆகவே இந்தப் பாடத்தாளின் முதல் வரியை நிரப்ப வேண்டியவர் செவிலியர் அல்லர், உறவினரே என்பது என் கருத்து. எலும்பு முறிவுக்கோ, குடலிறக்க அறுவைக்கோ, காய்ச்சலுக்கோ எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டாலும், வயது வந்த ஒவ்வொருவரிடமும் இக்கேள்வி கேட்கப்பட வேண்டும். குடும்பத்தாரும் குறைக்காமல் விடையளிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை விளக்க ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரு தனி மனிதர் அல்லர். பலரிடம் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து வரைந்த சித்திரம்.

நாற்பத்தாறு வயதுக் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை மாலை சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆறு மணிக்கு எலும்பு சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். “குடிப்பழக்கம் உண்டா?” என்று செவிலியர் கேட்கிறார். மனைவி மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எப்போதாவது, விசேஷத்துக்கு” என்கிறார். உண்மையில் எட்டு ஆண்டுகளாக நாளுக்கு இரண்டு குவார்ட்டர், அதாவது 360 மில்லி. காலையில் கரண்டி பிடிக்கக் கை நடுங்குவதால் வேலைக்குப் போகுமுன் ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் போவார். அன்று கடைசியாகக் குடித்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. படிவத்தில் ‘எப்போதாவது’ என்று எழுதப்படுகிறது.

திங்கள் காலை எட்டு மணி. கடைசிக் குடியிலிருந்து 18 மணி நேரம் ஆகிவிட்டது. கை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை, நாடித்துடிப்பு வேகம். எலும்பு முறிந்த ஒருவருக்கு வலியாலும் இவையெல்லாம் வரக்கூடும். வலிநிவாரணி கொடுக்கப்படுகிறது. அன்றிரவு அவர் உறங்கவில்லை. வெளியே யாரோ தம் பெயரைச் சொல்லி அழைப்பதாகச் சொல்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ காற்றுக் கருப்பு என்கிறார். செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு, 37ஆம் மணியில், வலிப்பு. அன்று காலைக்குத் திட்டமிடப்பட்ட அறுவை நின்றுபோகிறது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். எடுத்தது சரியே. வலிப்புக்கு மதுவே காரணம் என்று எண்ணிவிட்டு மூளையில் கசிந்த இரத்தத்தைத் தவறவிடுவதும் அதே அளவு பெரிய பிழை. ஸ்கேனில் கோளாறு ஏதும் இல்லை. அப்போதுதான் மனைவி அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறார்.

இந்த 37 மணி நேரத்தில் மூளையில் நடந்தது என்ன? மது மூளையின் வேகத்தைக் குறைப்பது. ஆண்டுக்கணக்கில் அது தினமும் வந்துகொண்டிருந்தால், மூளை தன் சொந்தத் தடையைத் தளர்த்திவிட்டுத் தூண்டும் பக்கத்தை வலுப்படுத்திக்கொள்கிறது. மேட்டில் பாரவண்டி இழுத்துப் பழகிய மாடு போல அது எப்போதும் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பாரம் ஒரே நாளில் அவிழ்ந்துவிட்டால் அந்த வேகத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை. நடுக்கமும் வியர்வையும் வலிப்பும் சன்னியும் அந்தக் கட்டற்ற வேகத்தின் வெவ்வேறு முகங்களே. அதனால்தான், மதுவைப் போலவே மூளையை அமைதிப்படுத்தும் குளோர்டயாஸிபாக்சைடு, டயாஸிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பிறகு படிப்படியாகக் குறைக்கிறோம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸிபாம். “குடியை நிறுத்த வந்த இடத்தில் போதை மாத்திரை கொடுக்கிறார்களே” என்று சிலர் வருந்துவதுண்டு. சில நாட்களில் நிறுத்தப்படும் பிடிகயிறாகவே அதைக் கருத வேண்டும்.

எவ்வளவு மருந்து, எப்போது என்பதற்குத்தான் அளவுகோல் தேவைப்படுகிறது. படுக்கையருகே தொங்கும் தாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் எண்களை எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ‘சீவா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அளவுகோல். இப்போது வழக்கிலுள்ள வடிவம் 1989இல் வெளியானது. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், அமைதியின்மை, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, காதில் கேட்பவை, கண்ணில் படுபவை, தலைவலி, நாள் இடம் பற்றிய தெளிவு என அதில் பத்து இனங்கள் உண்டு. முதல் ஒன்பதுக்கும் 0 முதல் 7 வரை. கடைசி ஒன்றுக்கு மட்டும் 0 முதல் 4 வரை. ஆக மொத்தம் 67. எட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவனித்திருந்தால் போதும். 15ஐத் தாண்டினால் வலிப்பும் சன்னியும் வரும் அபாயம் அதிகம்.

நம் கொத்தனாருக்குச் செவ்வாய் காலை ஐந்து மணிக்கு, வலிப்பின் மயக்கம் தெளிந்தபின், முதன்முறையாக இந்த அளவு எடுக்கப்படுகிறது. கைகளை முன்னே நீட்டச் சொன்னால் விரல்கள் தாறுமாறாக ஆடுகின்றன: 5. நெற்றியில் முத்துமுத்தாக வியர்வை: 4. பதற்றம் 4. படுக்கையில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை: 4. விளக்கொளி கண்ணைக் குத்துகிறது, சுவரில் நிழல்கள் அசைகின்றன: 3. குமட்டல், ஊரல், குரல், தலைவலி, தேதியில் சிறு தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து ஏழு. மொத்தம் 27. மருந்து ஊசியாகச் செலுத்தப்படுகிறது. மணிக்கொருமுறை மீண்டும் அளக்கிறார்கள். ஆறு மணிக்கு 19. ஏழு மணிக்கு 12. எண் இறங்குவதைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தளவு முடிவாகிறது. கூடவே மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்பதும் எழுதப்படுகிறது. மருந்து குறைந்தால் வலிப்பு. மிகுந்தால் மூச்சு அடங்கும். இரண்டுக்கும் நடுவே நடத்திச் செல்வதே செவிலியரின் வேலை. பொழுது விடியும் நேரத்தில் நோயாளியை எழுப்பிக் கையை நீட்டச் சொல்கிறார்களே என்று கோபப்படும் உறவினரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத் தொல்லைக்கு இதுவே காரணம்.

இந்த அளவுகோலை நான் மதிக்கிறேன், ஆனால் வழிபடுவதில்லை. இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று. நோய் இன்னதென்று தெரிந்தபின் அதன் கடுமையை அளக்கும் கருவி மட்டுமே. கடும் காய்ச்சலில் இருப்பவருக்கும் வியர்வையும் தலைவலியும் நடுக்கமும் எண்ணைக் கூட்டிவிடும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவருக்கு நாடி வேகமாகாமலேயே இருந்து நம்மை ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி இனங்கள் நோயாளி சொல்லும் விடையைச் சார்ந்தவை. வெட்கத்தால் “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பவருக்கு எண் பொய்யாகக் குறையும். சன்னியில் மூழ்கிவிட்டவர் விடையே சொல்ல மாட்டார். அப்போது இதைக் கைவிட்டு, விழிப்பையும் கிளர்ச்சியையும் மட்டும் பார்த்து மதிப்பிடும் வேறோர் அளவுகோலுக்கு மாறவேண்டும்.

கேள்வி கேட்கும் மொழியைப் பற்றியும் ஒரு சொல். “இன்று என்ன தேதி?” என்று கேட்டு, விடை தவறினால் தெளிவில்லை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் நல்ல நினைவோடிருக்கும் முதியவர்களிலும் ஆங்கிலத் தேதி சொல்லத் தெரியாதவர் நம்மிடையே ஏராளம். கிழமையோ, அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்றோ கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். நோயாளிக்கு வழக்கமாகத் தெரிந்திருப்பது எது என்பதை உறவினரிடம் கேட்டறிந்து அதன்படி வினவும் மாணவிக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

மூன்றாம், நான்காம் நாட்களில் உறவினர்களின் பங்கு மிகவும் பெரிது. கொத்தனாருக்குத் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியதால், புதன்கிழமை பிற்பகல், 72ஆம் மணி அளவில், மருந்தையும் மீறிச் சன்னி தலைகாட்டுகிறது. போர்வையில் எறும்பு ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார். மருத்துவமனையைக் கட்டட வேலை நடக்கும் இடம் என்று எண்ணிக்கொண்டு சித்தாளைக் கூப்பிடுகிறார். மாவுக்கட்டுப் போட்ட காலோடு எழுந்து நடக்க முயல்கிறார். இந்த நிலை சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரைப் பறிக்கும். முறையான சிகிச்சை கிடைப்பவர்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களே இறக்கின்றனர்.

அந்நேரத்தில் உறவினர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்கள். முதலாவது, “கட்டிப்போடுங்கள்.” கட்டப்பட்டவர் கட்டை எதிர்த்து மல்லாடுவார். உடற்சூடு ஏறும்; தசைகள் சிதையும்; வாந்தி வந்தால் திரும்பிக்கொள்ள முடியாமல் மூச்சுக்குழலில் இறங்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டுவதை அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்றும் சொல்கிறது. கட்டுக்கு மாற்று, அருகில் ஒரு முகம். படுக்கையைத் தாழ்த்தி, பக்கக் கம்பிகளை உயர்த்தி, இரவு முழுவதும் மங்காத ஒரே சீரான விளக்கை எரியவிடுகிறோம். அரையிருட்டில் சட்டை தொங்கும் கொக்கியே பாம்பாகிவிடும். கண்ணில் படும்படி ஒரு கடிகாரம். பத்துப் பேர் சூழ்ந்து நிற்காமல், அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் அருகிருந்து, “நான் உன் அக்கா, இது ஆஸ்பத்திரி, இன்று புதன்கிழமை” என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எறும்பு இருப்பதாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இல்லையென்று வாதாடவும் வேண்டாம். “எனக்குத் தெரியவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருப்பது தெரிகிறது” என்பது போதும்.

இரண்டாவது வேண்டுகோள், “ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பு வந்துவிடும்.” நெடுநாள் குடித்தவர் உடலில் தயாமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். சர்க்கரையை எரிக்க அது தேவை. அது இல்லாத உடலில் சர்க்கரையை ஏற்றினால், எஞ்சியிருக்கும் சிறிதளவும் தீர்ந்து மூளையின் ஒரு பகுதி நிலையாகச் சேதமடையக்கூடும். கண் ஒருபுறம் இழுத்தாடுதல், நடையில் தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். வந்துவிட்டால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலே சிலருக்குத் திரும்புவதில்லை. ஆகவே முதலில் தயாமின் ஊசி, பிறகே குளுக்கோஸ். சர்க்கரை அபாயமாகக் குறைந்துபோயிருந்தால் மட்டும் இரண்டையும் ஒருங்கே கொடுப்போம்.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதையும் பற்களுக்கிடையே கரண்டி வைப்பதையும் இன்றும் காண்கிறோம். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்த்து, செவிலியரைக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நடுக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் சோடாப் புட்டியில் மது கலந்து கொண்டுவரும் அன்பு உண்டு. நாங்கள் கொடுத்த மருந்தோடு அது சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இனி, உண்மையை ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். வெட்கம் ஒன்று. மருமகன் முன்னால், சம்பந்தி முன்னால் சொல்ல முடிவதில்லை. அப்படியானால் தனியாகக் கேட்கும் பொறுப்பு எங்களுடையது. பொதுக்கூடத்தில் உரக்கக் கேட்டுவிட்டு விடை பொய் என்று குறைகூற எங்களுக்கு உரிமையில்லை. மற்றொன்று காப்பீடு. மதுப் பழக்கத்துக்கான சிகிச்சையைப் பல காப்பீட்டுத் திட்டங்கள் விலக்கி வைத்திருப்பது உண்மைதான். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது வீட்டையே அடகுவைக்கும் விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஞாயிறு மாலையே உண்மை தெரிந்திருந்தால், அன்றே தயாமின் தொடங்கியிருக்கும். நான்கு மணிக்கொருமுறை அளவெடுத்து, எண் ஏறத் தொடங்கிய திங்கள் காலையிலேயே மாத்திரையாகவே மருந்து கொடுத்திருப்போம். வலிப்பும் ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாளும் பெரும்பாலும் நேர்ந்திரா. அறுவையின் நாளையும் மயக்கமருந்து மருத்துவர் அதற்கேற்பத் திட்டமிட்டிருப்பார். மறைத்ததால் மிச்சமானது எதுவும் இல்லை.

மருத்துவமனைக்கு வெளியேயும் இதே கடிகாரம் ஓடுகிறது. கார்த்திகையில் மாலை போட்டு, ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்குக்காக மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது, பெங்களூரில் கடும் விலகல் நிலையோடு மருத்துவமனைக்கு வந்தோரின் எண்ணிக்கை கூடியது. அவர்கள் யாரும் நிறுத்த முடிவுசெய்தவர்கள்கூட அல்லர். விரதமோ சபதமோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்டவரும், முன்னொருமுறை நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ கண்டவரும், மாலை போடுவதற்கு முன்பு ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த விலகல் முன்னதைவிடக் கடுமையாவது பலரிடம் காணும் உண்மை.

கொத்தனாருக்கு வெள்ளிக்கிழமை மாலை தெளிவு திரும்பியது. எறும்புகளைப் பற்றி அரைகுறையாகவே நினைவிருந்தது. அறுவை அடுத்த வாரம் நடந்தது.

நம் மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தில் இப்போது ‘மதுப் பழக்கம்: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. அதற்குப் பதிலாக மூன்று வரிகள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம்: வழக்கமாக நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்த நாளும் மணியும், முன்பு நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ வந்ததா. புதிய படிவம் அச்சாகும்வரை, யாரும் கேட்காவிட்டாலும், செவிலியரைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்து இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். நோயாளியின் தாளின் மேற்புறத்தில் அவர் அந்த மணியை எழுதுகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.